இன்டர்னலுக்கும் செம்முக்கும் நடுவே கிளப் பதிவுகளை எப்போது போடுவது? கேள்வி பதில்

கவின், இரண்டாம் ஆண்டு: அண்ணா, எங்களது குவிஸ் கிளப். முதல் இன்டர்னல் முடிஞ்ச மறுநாளே ஆள் சேர்க்கிற ஃபார்மைத் திறந்துடலாமா?

மறுநாள் வேண்டாம். சனிக்கிழமை கடைசித் தேர்வு என்று வையுங்கள். அன்று மாலை பாதிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள், ஞாயிறு தூக்கத்தில் போய்விடும். திங்கள் மாலை அறிவிப்புப் போஸ்டர் மட்டும் போடுங்கள். செவ்வாய் ஃபார்மைத் திறந்து அந்தச் சனி இரவே மூடிவிடுங்கள். இரண்டு வாரம் திறந்து வைத்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளுவார்கள், அதற்குள் அடுத்த இன்டர்னல் வந்துவிடும். நேர்காணலை அடுத்த வாரம் செவ்வாய், புதன் மாலைகளில் முடித்து, வெள்ளிக்கிழமை பட்டியலைப் போட்டுவிடலாம்.

ஃபார்மில் பெயர், துறை, ஆண்டு, வாட்ஸ்அப் எண், எந்த வேலையில் விருப்பம், இவ்வளவு போதும். கோப்பு இணைக்கச் சொன்னால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும், பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். போஸ்டர் வடிவமைத்தவர்களின் மாதிரியை நேர்காணலில் பார்த்துக்கொள்ளலாம்.

மீனா: தேர்வு வாரத்தில் எதுவுமே போடக் கூடாது என்கிறார் எங்கள் சீனியர். சரிதானே?

பாதி சரி. படிப்பவர்களிடம் எதையாவது கேட்கும் பதிவுதான் கூடாது: ஃபார்ம், வாக்கெடுப்பு, "நண்பரை டேக் செய்" போன்றவை. நேர்காணல் முடிவையோ தேர்வுக்குப் பிந்தைய நிகழ்ச்சியின் தேதியையோ ஒரே ஒரு பதிவாகப் போடலாம். காலைத் தேர்வுக்கும் மதியத் தேர்வுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டும் போடாதீர்கள், அப்போது கையில் நோட்டுதான் இருக்கும். மாலை ஆறுக்கு மேல் போடுங்கள். அந்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு அறிவிப்புக்குக் கீழே முப்பது சந்தேகங்கள் வந்து, ஆட்கள் குழுவையே மியூட் செய்துவிடுவார்கள். அந்த மியூட்டைத் தேர்வு முடிந்த பிறகும் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை.

ஹரிணி, மூன்றாம் ஆண்டு: போன நவம்பர்ல எல்லாத்தையும் இன்ஸ்டாவில் ஷெட்யூல் செஞ்சுட்டோம். மழை லீவு விட்டு இன்டர்னல் தள்ளிப்போச்சு. தேர்வு அன்னிக்குக் காலையில "தேர்வு முடிஞ்சாச்சு, வாங்க!"ன்னு போஸ்ட் போயிருச்சு. இன்சார்ஜ் மேடம்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது நடக்கக்கூடியதுதான். கலெக்டரின் விடுமுறை அறிவிப்பு சில நாள் விடியற்காலையில்தான் வரும். இன்ஸ்டா 75 நாள் வரை ஷெட்யூல் செய்ய விடுகிறது என்பதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று நாளுக்கு மேல் முன்னே போகாதீர்கள்.

திட்டத் தாளில் தேதிகளைக் கையால் எழுதாதீர்கள். கடைசித் தேர்வு நாளை B1 கட்டத்தில் வைத்து மற்றதை அதிலிருந்து எண்ணவையுங்கள்:

```
=WORKDAY.INTL($B$1,1,11)
=WORKDAY.INTL($B$1,2,11)
=WORKDAY.INTL($B$1,6,11)
```

மேலிருந்து போஸ்டர், ஃபார்ம் திறப்பு, ஃபார்ம் மூடல். 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை. கவினுக்குச் சொன்ன திங்கள், செவ்வாய், சனி இதில் தானாக வரும். தேர்வு தள்ளிப்போனால் B1-ஐ மட்டும் மாற்றினால் போதும். ஆனால் தாள் மாறியது இன்ஸ்டாவுக்குத் தெரியாது, ஷெட்யூலில் இருப்பதை ஒருவர் போய் நீக்கத்தான் வேண்டும். அந்தப் பொறுப்பை இரண்டு துறைக்காரர்களிடம் கொடுங்கள். ஒருவர் தேர்வறையில் இருந்தாலும் மற்றவர் வெளியே இருக்க வாய்ப்புண்டு. ஃபார்ம் கடைசித் தேதியைப் போஸ்டர் படத்தில் அச்சிடாமல் கேப்ஷனில் எழுதுங்கள். போட்ட பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது.

பிரவீன்: அப்போ செம் முடிஞ்சு லீவுல நடத்துற நிகழ்ச்சிக்கு ஆன் டியூட்டி கிடைக்குமா?

லீவில் வகுப்பே இல்லையே, ஆன் டியூட்டி எதற்கு? நீங்கள் யோசிக்க வேண்டியது ஆள் இருப்பார்களா என்பதை. துறைக்குத் துறை கடைசித் தேர்வு வேறு நாளில் முடியும், அரியர் எழுதுபவர்களுக்கு இன்னும் நீளும், ஹாஸ்டலும் காலியாகிவிடும். அடுத்த செம்மின் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். வேலைநாளில் நடத்தினால் பெயர், பதிவு எண் பட்டியலை நிகழ்ச்சிக்கு முன்பே இன்சார்ஜ் வழியாகக் கொடுத்துவிடுங்கள்.

கவின்: ஃபர்ஸ்ட் இயர் பசங்க லேட்டாத்தானே வர்றாங்க, அவங்க இன்டர்னல் தேதியும் வேற. என்ன செய்யறது?

கவுன்சலிங் முடிந்து அவர்கள் சேர்வதால் தாளில் அவர்களுக்குத் தனிப் பக்கம், தனி B1 வேண்டும். அவர்களை முதல் செம்மிலேயே சேர்ப்பதா, இரண்டாம் செம்வரை காத்திருப்பதா என்பதில் கிளப்புக்குக் கிளப் கருத்து வேறு. காத்திருந்தால் நவம்பர் நிகழ்ச்சிக்குக் கை குறையும். அவசரப்பட்டால் முதல் செம் ரிசல்ட் வந்ததும் சிலர் விலகிவிடுவார்கள்.

ஹரிணி: நாங்க காத்திருப்போம். நாற்காலி தூக்கத்தான் ஆள் கிடைக்காது.

அந்த வேலைக்கு மட்டும் ஃபார்ம் இல்லாமல் கிளாஸ் ரெப் வழியாக ஒரு நாள் தன்னார்வலர்களாகக் கூப்பிட்டுப் பாருங்கள்.