‘விரும்பினேன்’ என்று எத்தனை முறை எழுதுவது?

கேள்வி: பொறியியல் மேற்படிப்புக்கான உதவித்தொகை விண்ணப்பத்தில் என் இலட்சியம் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நான் எழுதியது: “சிறு வயதில் பாலத்தின் அடியில் நின்று பார்க்க விரும்பினேன். பள்ளியில் கணக்கில் முதலிடம் பெற விரும்பி, விடியற்காலையில் எழுந்து படித்தேன். பிறகு கட்டடப் பொறியியல் படிக்க விரும்பினேன். இரண்டு ஆண்டுகள் இடம் கிடைக்காதபோதும் அதையே விரும்பினேன். பாலங்கள் எப்படிச் சுமையைத் தாங்குகின்றன என்று அறிய விரும்புகிறேன். நான் பாலங்களை வடிவமைக்க வேண்டும்.” விரும்பினேன் என்பதே திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஏங்கினேன், அவாவினேன், வேட்கை கொண்டேன், விழைகிறேன் என மாற்றினேன். படித்த தோழி, “ஐந்து பேர் சேர்ந்து எழுதியது போல இருக்கிறது” என்கிறாள். என்ன செய்வது?

பதில்: உங்கள் தோழியின் காது கூர்மையானது. அகராதி இந்தச் சொற்களையெல்லாம் ஒரே பொருளில் வரிசையாகத் தந்தாலும், ஒவ்வொன்றும் விரும்புகிறவரை வேறு வேறு நிலையில் நிறுத்துகிறது. பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, கிடைத்தால் அந்த உணர்வு அடங்கிவிடுமா, விரும்புகிறவர் அதற்காக ஏதாவது செய்கிறாரா என்ற மூன்றையும் பார்த்துத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் பத்தியில் ஒரு குழந்தை, ஒரு மாணவி, இடத்துக்காகக் காத்திருந்தவர், இன்று விண்ணப்பிப்பவர் என்று நான்கு நிலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்பச் சொல் மாறினால் அந்த மாற்றம் உறுத்தாது.

முதல் வரியிலிருந்து தொடங்குவோம். பாலத்தின் அடியில் நின்று பார்ப்பது ஒரு குழந்தையின் ஆசை. சிறியது, உடனே தோன்றுவது, கிடைத்தால் தீர்ந்துவிடுவது. அந்த இடத்துக்கு ‘ஏங்கினேன்’ போட்டதால், யாரோ உங்களை அங்கே போகவிடாமல் தடுத்தது போலத் தொனிக்கிறது. “நின்று பார்க்க ஆசை” என்று வினை இல்லாமலே முடித்துவிடலாம். பேச்சில் நாம் அப்படித்தான் சொல்கிறோம்.

இரண்டாம் வரியில் விருப்பத்தைச் சொல்லும் சொல்லே தேவையில்லை. விடியற்காலையில் எழுந்ததை எழுதியிருக்கிறீர்கள். முதலிடத்தின் மேல் உங்களுக்கிருந்த நாட்டத்தை அதுவே காட்டிவிடுகிறது. ‘அவாவினேன்’ இன்றைய உரைநடையில் வாழும் வினை அல்ல. ‘அவா’ என்ற பெயர்ச்சொல் எழுத்தில் இன்னும் புழங்குகிறது. ஆனால் அறநூல்கள் அறுக்கச் சொல்லும் சொல் என்ற நிழல் அதன் மேல் உண்டு. மதிப்பெண்ணுக்கு அது கனமான சொல்.

ஏக்கத்துக்கு உரிய இடம் நான்காவது வரி. மற்றவர்கள் கல்லூரிக்குப் போக, உங்களுக்கு இடம் கிடைக்காமல் கழிந்த இரண்டு ஆண்டுகள் அங்கே இருக்கின்றன. ஏக்கம் என்றாலே பொருள் கைவசம் இல்லை, எப்போது கிடைக்கும் என்பதும் தெரியாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஏங்குகிறவர் செயலற்று உட்கார்ந்திருப்பவராகவும் தெரிவார். ஆகவே அடுத்த வாக்கியத்தில், அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்பது வந்தாக வேண்டும்: மீண்டும் தேர்வு எழுதியதோ, வேலைக்குப் போய்க்கொண்டே படித்ததோ, நடந்தது எதுவோ அது. அது இல்லாவிட்டால் தேர்வுக் குழுவுக்குப் பரிதாபம் தோன்றும், நம்பிக்கை தோன்றாது.

சொல்லை மாற்றும்போது அதற்கு முன்னால் வரும் வேற்றுமை உருபும் மாறும். செயற்கைத்தனம் பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படுகிறது. விரும்பு என்பது ‘ஐ’ கேட்கும்: படிப்பை விரும்பினேன். ஆசைப்படு ‘கு’ கேட்கும்: படிப்புக்கு ஆசைப்பட்டேன். ஏங்குவதற்கும் ‘கு’ பொருந்தும். “இடம் கிடைக்காதா என்று ஏங்கினேன்” என்பது இன்னும் இயல்பு. வேட்கைக்கு முன் ‘படிக்க’ போன்ற எச்சம் விறைப்பாக நிற்கும். அறியும் வேட்கை, அறிவு வேட்கை என்றுதான் ஓடும். உங்கள் “படிக்க வேட்கை கொண்டேன்” இதனால்தான் தட்டுகிறது. ‘விரும்பி’யை எடுத்துவிட்டு வேறொன்றை அதே பள்ளத்தில் பொருத்தினால் போதாது, வாக்கியத்தையே திரும்பக் கட்ட வேண்டும்.

வேட்கை என்ற சொல்லை முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு முறை பயன்படுத்துங்கள். நீர்வேட்கை என்றால் தாகம். அகப்பாடல் மரபில் அது காதல் மிகுதி. உடலையே பற்றும் வேகம் அதில் இருக்கிறது. ஒரு முறை கிடைத்தால் அடங்குகிற ஒன்றுக்கு அது பொருந்தாது. கல்லூரி இடம் அப்படிப்பட்டது, சேர்ந்ததும் தீர்ந்துவிடும். பாலங்கள் சுமையைத் தாங்கும் விதத்தை அறிவதோ தீராதது. எனவே அது ஐந்தாம் வரிக்கு உரிய சொல்.

கடைசி வரிதான் எங்களை அதிகம் கவலைப்படுத்துகிறது. “நான் பாலங்களை வடிவமைக்க வேண்டும்” என்பது விருப்பமா, கட்டாயமா? ‘வேண்டும்’ இரண்டையும் சொல்லும். இலட்சியக் கட்டுரையில் இந்த மயக்கம் ஆபத்தானது, ஏனெனில் இது வீட்டார் விதித்த கடமையா, உங்கள் சொந்த விருப்பமா என்பதைத்தான் படிப்பவர் தேடுகிறார். இறந்தகாலத்தில் மயக்கம்கூட மிஞ்சாது: “பொறியியல் படிக்க வேண்டியிருந்தது” என்றால் கட்டாயம் மட்டுமே. விருப்பத்தைச் சொல்ல “படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்” என்று இன்னொரு சொல்லைத் துணைக்கு அழைத்தாக வேண்டும். கட்டுரை முழுவதிலும் ‘வேண்டும்’ வரும் இடங்களைக் கோடிட்டு, ஒவ்வொன்றிலும் ‘யார் சொன்னது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

அதன் இடத்தில் ‘விழைகிறேன்’ வேண்டாம். அது அலுவல் கடிதங்களுக்கும் மேடைக்கும் உரியது. பேசுபவரைக் கேட்பவரிடமிருந்து ஓரடி தள்ளி நிறுத்தும். ‘என் இலட்சியம்’ என்றால் தன்னலத்தைத் தாண்டிய ஏதோ ஒன்றைப் படிப்பவர் எதிர்பார்ப்பார். ‘குறிக்கோள்’ என்றால் அதை அடையும் படிகளைக் கேட்பார். அடுத்த பத்தியில் அந்தப் படிகளைத் தரப்போகிறீர்கள் என்றால் குறிக்கோள் சரி. இல்லையென்றால் நீங்கள் துரத்திவிட்ட ‘விரும்புகிறேன்’ இங்கே திரும்பி வரட்டும். அலங்காரமில்லாத சொல் முடிவெடுத்தவரின் குரலாக ஒலிக்கும். மற்ற வரிகளிலிருந்து அதை நீக்கியிருப்பதால் இங்கே எடையும் கூடும்.

எல்லாம் சேர்ந்தால் பத்தி ஏறத்தாழ இப்படி வரும்:

“சிறு வயதில், பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க ஆசை. பள்ளியில் கணக்கில் முதலிடத்துக்காக விடியற்காலையில் எழுந்து படித்தேன். பிறகு கட்டடப் பொறியியலுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு ஆண்டுகள் இடம் கிடைக்கவில்லை. கல்லூரிக்குப் போகும் தோழிகளைப் பார்த்து ஏங்கினேன். அந்த நாட்களில் ……. பாலம் இவ்வளவு சுமையை எப்படித் தாங்குகிறது என்று அறியும் வேட்கை மட்டும் குறையவில்லை. நான் பாலங்களை வடிவமைக்க விரும்புகிறேன்.”

‘விண்ணப்பித்தேன்’, ‘தோழிகள்’ இரண்டும் எங்கள் ஊகம். நடந்தது வேறானால் மாற்றிவிடுங்கள். புள்ளியிட்ட இடம் நீங்கள் நிரப்ப வேண்டியது. அங்கே எழுதும் வாக்கியத்தில் விருப்பச்சொல் எதுவும் வராமல், வினைமுற்று ஒரு செயலாகவே இருக்கட்டும்.