ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் இருக்க

கேள்வி: ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு ஐந்து மேசைக்கரண்டி தூள் உப்புதான் போட்டேன், உப்பைக் குறைத்துக்கொள்ளலாமே என்று. ஜாடியைத் துடைத்துத்தான் வைத்தேன். மூன்று வாரத்தில் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடலாமா? புது ஜாடி வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு துளி எடுத்து வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பாருங்கள். கரைந்துவிட்டால் அது உப்புப் படிவம், பயமில்லை. பஞ்சுபோல மிதந்தால் பூசணம். அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். மேலே வழித்துப் போட்டால் போதாது. மனசு வராதுதான், ஆனாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

ஒரு மேசைக்கரண்டி தூள் உப்பு சுமார் 18 கிராம். நீங்கள் போட்டது 90 கிராம்தான். வெளியே வைக்கும் ஊறுகாய்க்கு, கிலோ துண்டுக்கு 150 முதல் 200 கிராம் உப்பு வேண்டும். கொட்டையை நீக்கி நறுக்கிய பிறகுதான் துண்டை எடைபோட வேண்டும். உப்பையும் தராசில் நிறுங்கள். கல் உப்பைக் கரண்டியால் அளந்தால், இடையே காற்று நிற்பதால் எடை குறைந்துபோகும். உப்பு குறைவாகத்தான் வேண்டும் என்றால் கால் கிலோ மட்டும் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

ஜாடி விஷயத்தில் துணியை நம்பாதீர்கள். கழுவி, கவிழ்த்து வடியவிட்டு, பிறகு வாயை மேல்நோக்கி வைத்து ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வையுங்கள். கழுத்துக்குக் கீழே வளையும் இடத்தில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். கண்ணாடி ஜாடியாக இருந்தால் மூடி போட்டு அரை மணி நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். உள்ளே பனி படர்ந்தால் இன்னும் காயவில்லை. பழைய ஜாடி நன்றாக இருந்தால் அதுவே போதும். உட்புற மெருகில் விரிசல் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். ஈரமும் பழைய எண்ணெயும் அந்த விரிசலுக்குள் தங்கிவிடும். வாங்கும்போது கரண்டியோடு கை நுழையும் அளவு வாய் அகலமானதாகப் பாருங்கள். மூடியின் உட்புறம் வெறும் தகரமாக இருக்கக் கூடாது, உப்பும் புளிப்பும் அதை அரித்துவிடும்.

இனி எண்ணெய். நல்லெண்ணெயைக் காய்ச்சி, முழுவதும் ஆறிய பிறகே ஊற்றுங்கள். சூடாக ஊற்றி மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்து ஊறுகாய் மேலேயே சொட்டும். துண்டுகளுக்கு மேல் அரை அங்குலம் எண்ணெய் நிற்க வேண்டும். பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான்: மாங்காயும் மசாலாப் பொடியும் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க, ஒரு வாரத்தில் மட்டம் இறங்கிவிடும். அப்போது தலை நீட்டும் துண்டில்தான் முதல் பூசணம் பூக்கும். எட்டாம் நாள் திறந்து பாருங்கள். துண்டு தெரிந்தால் கரண்டியால் அமுக்கிவிட்டு, காய்ச்சி ஆறிய எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். எண்ணெய் காற்றைத்தான் தடுக்கும், உப்பின் குறையை ஈடுகட்டாது. எடுக்கும் கரண்டி எப்போதும் உலர்ந்திருக்கட்டும்.