‘malai’ என்று தேடுகிறவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குழந்தைகளின் உடல்நலம் பற்றி ஓராண்டாகத் தமிழ் எழுத்தில் பதிவுகள் எழுதி வருகிறேன். என் வாசகர்களில் பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள், தேடுவதும் அப்படியே. ‘அவர்கள் தேடுகிற எழுத்திலேயே நீயும் எழுதினால்தான் பதிவு கண்ணில் படும்’ என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். மொழிப்பற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, தேடலுக்கும் பரவலுக்கும் எது நல்லது என்று மட்டும் சொல்வீர்களா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தமிழ் எழுத்திலேயே தொடர்ந்து எழுதுங்கள். நீங்கள் கேட்டபடி மொழிப்பற்றைத் தொடாமல், தேடல் நடக்கும் விதத்தை மட்டும் வைத்தே இதைச் சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை: ஏராளமானவர்கள் ரோமன் எழுத்தில்தான் தேடுகிறார்கள். ஆனால் தேடுகிறவர் எந்த எழுத்தில் தட்டுகிறாரோ அதே எழுத்தில் பதிவும் இருந்தாக வேண்டும் என்று அவர்கள் முடிவுகட்டும் இடத்தில்தான் பிழை நேர்கிறது.

உங்கள் துறையிலிருந்தே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: ‘குழந்தை காய்ச்சல்’. தமிழ் எழுத்தில் இதைப் பிழையின்றி எழுத ஒரே வழிதான் உண்டு. ரோமனில் எழுதப் புகுந்தால் முதல் சொல்லிலேயே பாதைகள் பிரிகின்றன. ழகரத்தைச் சிலர் zh என்றும், சிலர் l என்றும், சிலர் z என்றும் எழுதுவார்கள். ‘ந்தை’ என்பதை nthai, ndhai, ndai என மூன்று விதமாகவாவது எழுதுவார்கள். ஆக, குழந்தை என்ற சொல்லுக்கு மட்டும் ஒன்பது வடிவங்கள் வந்துவிட்டன. அடுத்த சொல்லில் ‘கா’ என்பது kaa அல்லது ka; யகர மெய் y அல்லது i; இரட்டைச் சகரம் ch அல்லது chch; மொத்தம் எட்டு வடிவங்கள். இரண்டையும் பெருக்கினால் 72. இவற்றில் எதையும் பிழை என்று தள்ள முடியாது, ஏனென்றால் அன்றாடப் புழக்கத்தில் தமிழை ரோமனில் எழுதுவதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்துக்கூட்டல் முறை எதுவும் கிடையாது. நீங்கள் kuzhandhai kaaichal என்று தலைப்பு வைத்து, ஒரு தாய் kulanthai kaychal என்று தேடினால், எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் எந்தத் தேடலுக்கும் அவை இரண்டும் தொடர்பில்லாத சொற்கள்.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாத நாட்களில் நானும் ரோமனில்தான் எழுதிவந்தேன். பிறகொருநாள் தூக்கமின்மை பற்றி நானே எழுதியிருந்த பழைய பதிவொன்று தேவைப்பட்டது. thookkaminmai என்று தேடினேன், கிடைக்கவில்லை. thukkaminmai என்றும் தேடினேன், அதுவும் இல்லை. கடைசியில் மாதவாரியாகப் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது அன்று thookaminmai என்று எழுதியிருக்கிறேன் என்பது தெரிந்தது. ஒரே ஒரு k குறைவு. எழுதியவனுக்கே கிடைக்காத பதிவு, அந்தச் சொல்லைத் தன் போக்கில் தட்டுகிற இன்னொருவருக்கு எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது.

அப்படியானால் ரோமனில் தேடும் அந்தத் தாய்க்கு உங்கள் தமிழ்ப் பதிவு எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். ரோமன் எழுத்தில் வரும் கேள்வியைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிப் பார்க்கும் வேலையைப் பெரிய தேடுபொறிகள் தாமே செய்கின்றன. இந்திய மொழிக் கேள்வி ஆங்கில எழுத்தில் தட்டப்பட்டாலும் பொருத்தமான இடங்களில் அந்த மொழியின் பக்கங்களையே காட்டப்போவதாகக் கூகுள் 2020 டிசம்பரில் அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. இதே மாற்றத்தைத்தான் கைப்பேசி விசைப்பலகையும் செய்கிறது: amma என்று தட்டினால் அம்மா என்று வந்து நிற்கிறது. 72 வடிவங்களும் போய்ச் சேர்வதற்கு ஒரே இலக்கு இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. அந்த இலக்கு தமிழ் எழுத்து வடிவம். ஆகவே உங்கள் பதிவு தமிழ் எழுத்தில் இருந்தால், தமிழில் தேடுகிறவருக்கு நேராகவும், ரோமனில் தேடுகிறவருக்கு இந்த மாற்றத்தின் வழியாகவும் கிடைக்க வாய்ப்பு உண்டு. பதிவு ரோமனில் இருந்தால், தமிழ் எழுத்தில் தேடுகிறவரை ஏறக்குறைய இழந்துவிடுகிறீர்கள். ரோமனில் தேடுகிறவர்களிலும் உங்கள் எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகிறவர்களே எளிதில் வந்துசேர்வார்கள்.

இந்த மாற்றம் எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். malai என்று ஒருவர் தட்டினால் அது மலையா, மழையா, மாலையா என்பதைப் பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் ஊகிக்க முடியும். ‘malai vanthathu’ என்றால் பக்கத்துச் சொல்லும் உதவாது. மழையும் வரும், மாலையும் வரும். ஊகம் தவறினாலும் கேட்டவர் சொல்லை மாற்றி மறுபடி தேடிக்கொள்வார். பதிவே ரோமனில் இருந்தால் அந்த மயக்கம் பதிவுக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அத்துடன், உலாவியில் பக்கத்துக்குள் தேடும் வசதியும், பல தளங்களின் சொந்தத் தேடல் பெட்டியும் இத்தகைய மாற்றம் எதையும் செய்வதில்லை. இருப்பதை இருப்பதோடு ஒப்பிடும், அவ்வளவுதான்.

பரவல் என்று நீங்கள் சொல்வதில் தேடலைத் தாண்டிய பகுதி ஒன்றும் இருக்கிறது: பதிவின் மொழி எது என்று இயந்திரம் முதலில் அடையாளம் காண வேண்டும். ஒரு பக்கத்தின் மொழியைக் கண்ணுக்குத் தெரியும் உரையைக் கொண்டே தீர்மானிப்பதாகவும், நிரலில் நாம் எழுதிவைக்கும் lang="ta" போன்ற குறிப்பைப் பொருட்படுத்துவதில்லை என்றும் கூகுள் தன் வழிகாட்டுக் குறிப்புகளிலேயே சொல்கிறது. தமிழ் எழுத்து வேறு பெரிய மொழி எதற்கும் பொதுவானதல்ல என்பதால், ஓரிரு வரிகளிலேயே ‘இது தமிழ்’ என்று தெரிந்துவிடும். ரோமன் எழுத்துத் தமிழின் நிலை அப்படியில்லை. கூகுள் வெளியிட்ட CLD3 என்ற மொழியறியும் கருவியின் பட்டியலில் ரோமன் எழுத்து இந்திக்கு hi-Latn என்று தனி இடம் உண்டு. தமிழுக்கு ta மட்டுமே உண்டு, ta-Latn இல்லை. அத்தகைய கருவியின் முன் உங்கள் ரோமன் பதிவு வேறேதோ மொழியாகவோ மொழி தெரியாத உரையாகவோ நிற்கும். பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும்போது இதன் விளைவு நேரடியாகத் தெரியும்: தமிழ் எழுத்தைத் தமிழ்க் குரல் வாசிக்கும், kaaichal என்பதை ஆங்கிலக் குரல் ஆங்கிலச் சொல்லாக நினைத்துச் சிதைத்து வாசிக்கும். மருந்தளவு சொல்லும் பதிவில் அது சிறிய குறை அல்ல.

தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் சில கவனங்கள் உண்டு. மௌனம் என்ற சொல்லைப் பலர் ‘மெளனம்’ என்று, அதாவது மகரத்தின் முன் ஒற்றைக்கொம்பும் பின்னால் ளகரமும் போட்டுத் தட்டிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. கணினிக்கோ அது மௌனமே அல்ல. சந்தேகம் வந்தால் சொல்லின் முதல் எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையைத் தட்டிப் பாருங்கள். கடைசியில் உள்ள ள மட்டும் அழிந்து ‘மெ’ மிஞ்சினால் தவறான வடிவம் என்று பொருள். இன்னொன்று, சொற்கள் ஒட்டிக்கொள்வது. ‘குழந்தைகளுக்கேற்படும் காய்ச்சலைத் தணிக்க’ என்பது நல்ல தமிழ்தான். ஆனால் தேடுகிறவர் குழந்தை என்றும் காய்ச்சல் என்றும் தனித்தனியாகத் தட்டுவார். தலைப்பிலோ முதல் பத்தியிலோ ஒரு முறையாவது அச்சொற்கள் வேற்றுமை உருபும் புணர்ச்சியும் இல்லாமல் தனித்து நிற்கட்டும்.

ரோமன் எழுத்துக்கு நான் முழு மனதோடு இடம் கொடுப்பது பதிவின் முகவரியில்தான். முகவரியில் தமிழ் எழுத்து வைத்தால், பகிரும்போது ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும், அதாவது கணினி தனித்தனியாகச் சேமிக்கும் எழுத்து, துணைக்குறி, மெய்ப்புள்ளி ஆகிய ஒவ்வொன்றும், ஒன்பது எழுத்துகளாக விரியும். க என்ற ஓர் எழுத்து %E0%AE%95 ஆகிவிடும். குழந்தை என்ற சொல்லுக்கு ஏழு குறியீட்டுப் புள்ளிகள், காய்ச்சல் என்பதற்கு ஒன்பது; நடுவில் ஓர் இணைப்புக்கோட்டோடு சேர்த்தால் 145 எழுத்து நீளமுள்ள, யாருக்கும் புரியாத ஒரு வால் கிடைக்கும். பார்க்கிறவர் ஏதோ ஏமாற்று இணைப்பு என்று அஞ்சி அதைத் தொடாமலே விட்டுவிடலாம். kuzhandhai-kaaichal என்ற முகவரி சுருக்கமாகவும் படிக்கத் தக்கதாகவும் இருக்கும். அதுபோலப் பதிவின் சுருக்கக் குறிப்பில் பரவலாக வழங்கும் ஒரு ரோமன் வடிவத்தை ஒரு முறை எழுதலாம். ஆனால் 72 வடிவங்களையும் பதிவின் அடியில் கொட்டிவைக்காதீர்கள். அதைத் தேடுபொறிகள் சொல் திணிப்பாகவே கருதும்.

உங்கள் வாசகர்கள் உண்மையில் எப்படி வருகிறார்கள் என்பதை நண்பர்களின் ஊகத்துக்கு விடாமல் நீங்களே பார்க்கலாம். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் Google Search Console என்ற கருவியில் தேடற்சொற்களின் பட்டியலைத் திறந்து, வடிகட்டியில் regex என்பதைத் தேர்ந்து இதை இடுங்கள்:

```
[அ-ஹ]
```

இதற்குப் பொருந்துபவை தமிழ் எழுத்தில் தட்டப்பட்டவை; பொருந்தாதவற்றில் ஆங்கிலக் கேள்விகளைக் கண்ணால் ஒதுக்கினால் மிஞ்சுபவை ரோமன் தமிழ். இரண்டாவது பட்டியலில் உங்கள் தமிழ்ப் பதிவுகளுக்கு வந்தவர்கள் இருந்தால், மேலே சொன்ன மாற்றம் உங்களுக்கு நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று. படிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மிகச் சிலரே தட்டிய சொற்களைக் கூகுள் அப்பட்டியலில் காட்டுவதில்லை. ரோமன் கேள்விகள் பல வடிவங்களாகச் சிதறுவதால் ஒவ்வொன்றும் அரிதாகி, அவற்றில் அதிகமானவை மறைந்துபோகும். ஆகவே பட்டியலில் தெரிவதைவிட ரோமனில் வருகிறவர்கள் கூடுதலாகவே இருப்பார்கள்.

தமிழ் பேசத் தெரிந்து, எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக எழுதுவதானால் என் பதில் மாறும். அவர்களுக்குத் தமிழ் எழுத்து மூடிய கதவு. தேடலில் எதை இழந்தாலும் ரோமனில்தான் எழுதியாக வேண்டும். அப்போது ஓர் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, ழகரத்துக்கு zh என்றால் எல்லாப் பதிவிலும் zh என்றே எழுதுங்கள். தலைப்பை மட்டுமாவது தமிழ் எழுத்திலும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் வாசகர்கள் அவர்கள் அல்லர் என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். ரோமனில் தட்டுகிறவர்கள் எல்லோரும் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஓராண்டாக உங்கள் தமிழ்ப் பதிவுகளைப் படித்துவிட்டு அதே கைப்பேசியில் ரோமனில் பதில் எழுதுகிறவர்கள்தானே அவர்கள்.

அன்புடன்