மூளைப் படத்தில் பரமாத்மா தெரியுமா?

"டொக்டர், எனக்கு 47 வயது, ஹட்டன் பக்கம் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். ஏழு மாதமாகத் தியான வகுப்புக்குப் போகிறேன். அங்கே ஒரு ஸ்கேன் படம் காட்டி, தியானத்தில் மூளையின் ஒரு பகுதி அணைந்துபோகிறது, ஆன்மா பரமாத்மாவோடு கலப்பதற்கு இதுதான் விஞ்ஞான ஆதாரம் என்றார்கள். உண்மையா? பிரஷர் குளிசையையும் இனி விடலாமாம்."

முதலில் குளிசை. விடாதீர்கள் டீச்சர். தியானத்தால் சிலருக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கும், ஆனால் அது குளிசையோடு சேர்த்துச் செய்யவேண்டியது. அளவைக் குறைப்பதென்றால் கிளினிக்கில் அளந்து பார்த்துத்தான் குறைக்க வேண்டும், வகுப்பில் அல்ல.

இனி படம். இந்தக் கதை பெரும்பாலும் ஆண்ட்ரூ நியூபெர்க் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. தியானத்தில் நன்றாகப் பழகிய எட்டுப் பேரை எடுத்துக்கொண்டார்கள். சும்மா இருக்கும்போது ஒரு ஊசி, ஒரு ஸ்கேன். பிறகு சுமார் ஒரு மணி நேரம் தியானத்தில் இருக்கவிட்டு, கையில் ஏற்கெனவே போட்டிருந்த குழாய் வழியாக, ஆளைக் குழப்பாமல் இன்னொரு ஊசி. அந்த மருந்தில் சிறிதளவு கதிரியக்கம் உண்டு. ரத்தம் எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கே அதிகமாகப் போய் ஓரிரு நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பிறகு ஸ்கேனரில் படுக்கவைத்தாலும், படத்தில் தெரிவது ஊசி ஏறிய நேரத்து ரத்த ஓட்டம்தான். சிவப்பும் நீலமும் கம்ப்யூட்டர் பூசுகிற நிறம், எண்ணுக்குப் பதில் நிறம், அவ்வளவுதான்.

தெரிந்தது என்ன? கவனத்தைக் குவிக்கும்போது வேலை செய்கிற முன்மூளைப் பகுதிகளில் ஓட்டம் கூடியது. அணைந்துபோகிறது என்கிறார்களே, அது உச்சிக்குச் சற்றுப் பின்னாலிருக்கும் பரைட்டல் பகுதி. அங்கே கிடைத்தது ஒரு தொடர்பு மட்டும். இடது முன்மூளையில் யாருக்கு அதிகம் கூடியதோ, அவருக்கு இடது பரைட்டலின் மேற்பகுதியில் குறையும் போக்கு இருந்தது. ஓட்டம் குறைவது வேறு, அணைவது வேறு. அணைந்தால் அதற்குப் பெயர் பக்கவாதம்.

ஆனாலும் இந்த முடிவைத் தூக்கிப் போடவும் முடியாது. நம் உடம்பு எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்ற கணக்கில் பரைட்டல் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கவாதத்தில் அந்தப் பகுதி பழுதானவர்கள் சிலர் தங்கள் கையைக் காட்டி, இது என் கையில்லை, யாருடையதோ என்று சாதிப்பார்கள். ஆகவே தியானத்தில் இருப்பவர் "எல்லை கரைந்தது" என்று சொன்னால் அது கதைவிடுவதல்ல, மூளையில் அதற்கு ஒத்த மாற்றம் நடந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஆய்வு செய்தவர்களும் அதை "இருக்கலாம்" என்றுதான் எழுதினார்கள். அந்த "லாம்" வகுப்பு வரை வரும்போது வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அந்த எட்டுப் பேரும் திபெத்திய பௌத்த முறையில் தியானம் செய்பவர்கள். பௌத்தத்தில் நிலையான ஆன்மா என்று ஒன்றே கிடையாது, கலப்பதற்குப் பரமாத்மாவும் கிடையாது! கண்டிப் பக்கம் எந்த விகாரையில் கேட்டாலும் சொல்வார்கள். ஆன்மா இல்லை என்பவர்களின் மூளைப் படத்தை வைத்து ஆன்மா இருப்பதை நிரூபிக்கிறார்கள் என்றால், படம் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை என்றுதானே ஆகிறது? 2006இல் மொன்ட்ரியலில் 15 கார்மேல் கன்னியாஸ்திரிகளையும் ஸ்கேன் செய்தார்கள். நினைத்த நேரத்துக்குக் கடவுளை வரவழைக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட, முன்பு கிடைத்த அனுபவத்தை நினைவுகூரச் சொல்லித்தான் படம் எடுக்க முடிந்தது. பல இடங்களில் மாற்றம் தெரிந்தது, "கடவுள் புள்ளி" என்று ஒன்று சிக்கவில்லை.

சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் உச்சியில் நிற்கும் நாலு பேருக்கும் ஒரே குளிர், ஒரே சிலிர்ப்பு, ஸ்கேன் எடுக்க முடிந்தால் படமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். ஒருவர் சிவன் பாதம் என்பார், ஒருவர் புத்தர் பாதம், ஒருவர் ஆதம் பாதம். யார் பாதம் என்பதை அவர்கள் தலைக்குள் ஓடும் ரத்தத்தை அளந்து சொல்ல முடியாது. எல்லாம் வெறும் மூளை வேலை, பாதமே இல்லை என்பவருக்கும் அதே பதில்தான், அவரும் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

இன்னொன்று, இந்த எட்டுப் பேருக்கும் சும்மா இருக்கும்போதே தலாமஸ் என்ற பகுதி மற்றவர்களிலிருந்து சற்று வித்தியாசமாக இருந்தது. தியானம் அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் வருடக்கணக்காக உட்காருகிறார்களா என்பதை இந்த மாதிரி ஆய்வில் பிரித்தறிய முடியாது.

வகுப்புக்குப் போங்கள், உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அது போதும். அடுத்த முறை படம் வந்தால் அது யாருடைய மூளை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அப்புறம், பிரஷர் எழுதிவைக்கிற கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக மறக்காதீர்கள்.