'வேலை கிடைக்கட்டும்' என்பவரிடம் என்ன கேட்பது?

"ஓசூரில் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தவருக்கு ஐந்து மாதமாக வேலை இல்லை. நாலு வருஷப் பழக்கம். கல்யாணப் பேச்சை எடுத்தாலே, 'வேலை கிடைக்கட்டும்' என்று நழுவுகிறார். எனக்கு கிருஷ்ணகிரியில் 18,000 சம்பளம். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். காத்திருக்கலாமா?"
- வாசகி, காவேரிப்பட்டினம்

அவரை உண்மையில் நிறுத்தி வைத்திருப்பது வேலையா, கடனா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். வேலை போனவர்கள் பெரும்பாலும் கடன் தொகையைத்தான் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளும் பேனாவுமாக உட்காருங்கள். மாதாமாதம் கட்டவேண்டியது எவ்வளவு, ஒவ்வொரு கடனும் எந்த மாதம் முடிகிறது, கையில் என்ன இருக்கிறது என்று மூன்றையும் அவர் கையாலேயே எழுதட்டும். உதாரணத்துக்கு, பைக் தவணை 4,200, பெர்சனல் லோன் 6,800, அம்மா வீட்டுக்கு 5,000 என்றால் மாதம் 16,000 ஆகிறது. சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை 17,000-க்குக் கிடைத்தாலும் அவர் கையில் மிஞ்சுவது ஆயிரம்தான். 'வேலை கிடைத்ததும்' என்ற பேச்சு அப்போது 'லோன் முடியட்டும்' என்று மாறும். இதையே இருவர் கணக்காகப் போட்டுப் பாருங்கள். வரவு 35,000. அந்த 16,000-த்தோடு வீட்டு வாடகை, மளிகைக்கு 13,000 சேர்த்தால் செலவு 29,000. இறுக்கம்தான், ஆனால் ஓடும். அவருக்குச் சம்பளமே இல்லாவிட்டால் ஓடாது. ஆக, 'நல்ல வேலை' வரவேண்டியதில்லை, ஏதாவதொரு சம்பளம் வந்தால் போதும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். லோன் முடிந்ததும் மாதம் இன்னும் 6,800 மிஞ்சும்.

வாய்க்கணக்கை மட்டும் நம்பவேண்டாம். சிபில் போன்ற நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதில் நிலுவையும் தவறிய தவணைகளும் இருக்கும். கைமாற்றும் வட்டிக்கடனும் அதில் வராது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

பணம்தான் தயக்கம் என்றால் தாளைப் பார்த்ததும் அவர் முகம் தெளியும், தேதி பேசுவார். கணக்கு சரியாக வந்தும் புதுக் காரணம் முளைத்தால், தடை பணம் இல்லை. அப்படியானால் வீட்டில் பார்க்கும் வரனை அவருக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த இடைவெளியில் அவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போடாதீர்கள். அவர் கட்டாவிட்டால், அவரைத் துரத்தி முடித்த பிறகுதான் உங்களிடம் வரவேண்டும் என்று பேங்குக்குக் கட்டாயம் இல்லை, நேராக உங்களையே கேட்கலாம். உங்கள் நகையை அடகு வைத்துத் தவணை கட்டுவதும் வேண்டாம். கல்யாணம் நின்றுபோனாலும் அடகுச்சீட்டு உங்கள் பெயரில்தான் இருக்கும். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே பேங்குக்குப் போய் காலத்தை நீட்டித் தரச் சொல்லி அவரே கேட்கட்டும். மொத்த வட்டி கூடும், ஆனால் செக் திரும்பினால் கட்டும் அபராதம் மிச்சமாகும்.

மண்டபச் செலவு அவரை மிரட்டுகிறதோ என்றும் கேட்டுப்பாருங்கள். கோயிலில் தாலி கட்டி, 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொண்டால் சட்டப்படி போதும். விருந்தை ஒரு வருஷம் கழித்துப் போடலாம்.