கூலிங் கிளாஸும் தொப்பியும் அணிந்த படத்தில் முகம் மாற்றும்போது

கேள்வி: தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்ட ஒரு மாடலின் படத்தில் என் முகத்தை வைத்துத் தரும்படி ஸ்டூடியோவில் 1,500 ரூபாய்க்குப் பேசி, பாதிப் பணம் கொடுத்தேன். கண்ணாடிக்குள் மங்கலாகக் கண்கள் தெரிகின்றன. தொப்பியின் முன்விளிம்பு உருகினாற்போல் இருக்கிறது. "சாஃப்ட்வேர் அப்படித்தான் வரும்" என்கிறார்கள். திரும்பச் செய்து தரச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். இவ்வேலைக்குப் பலரும் பயன்படுத்தும் inswapper_128 போன்ற முகம் மாற்றும் AI மாடல்கள், கண்கள், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடத்தைக் கணித்து, முகத்தை 128 பிக்சல் சதுரத்துக்குள் சுருக்கி, அச்சதுரம் முழுவதையும் புதிதாக வரைந்துவிடுகின்றன. கறுப்புக் கண்ணாடியின் மேலேயே கண்கள் முளைப்பதும், சதுரத்துக்குள் அகப்பட்ட தொப்பி விளிம்பு குழைவதும் இதனால்தான். அதன் பிறகு முகத்தைக் கூர்மையாக்கும் கருவியையும் ஓட்டியிருந்தால், அது அந்தப் பொய்க் கண்களை இன்னும் தெளிவாக்கியிருக்கும்.

தொப்பி, கண்ணாடியின் சட்டம், அதில் தெரியும் வானத்தின் பிரதிபலிப்பு ஆகியவற்றை வரையவே வேண்டியதில்லை. மூலப் படத்திலிருந்து அவற்றை அப்படியே வெட்டி, புதிய முகத்துக்கு மேல் தனி லேயராக வைக்கச் சொல்லுங்கள். மறைக்கும் பொருள்களைத் தானாகக் கண்டறியும் occlusion மாஸ்க் தொப்பியைப் பிடித்தாலும், கண்ணாடியைச் சில சமயம் முகத்தின் பகுதியாகவே எண்ணிவிடும் என்பதால், அந்த இடத்தில் மாஸ்க்கைக் கையால்தான் வரைய வேண்டும். கண் தெரியும் அளவுக்கு வெளிர்நிறக் கண்ணாடியாக இருந்தால் மட்டும், உள்ளே உங்கள் கண்ணை வரைந்து அதன்மேல் கண்ணாடியின் நிறத்தை ஏற்ற வேண்டும்.

புதிதாக வர வேண்டியவை மூக்கு, கன்னம், வாய், தாடை, காதோரக் கிருதா ஆகியவையே. கண்கள் மறைந்திருக்கையில் உங்களை அடையாளம் காட்டுவது மூக்கும் தாடையும்தான். ஆனால் இத்தகைய AI மாடல்கள் முகத்தின் வெளிக்கோட்டைப் பெரும்பாலும் மூலப் படத்தில் இருப்பவருடையதாகவே விட்டுவிடும். உங்கள் தாடை அகலமானது என்றால், காதுக்குக் கீழிருந்து கழுத்து வரை, படத்தின் ஒரு பகுதியை மட்டும் AI கொண்டு மீண்டும் வரையும் இன்பெயின்டிங் முறையில் தனியே வரைந்தாக வேண்டும். தலைக்கவசப் படத்தில் இது இன்னும் கடினம், ஏனெனில் உள்ளிருக்கும் பஞ்சு கன்னத்தை அழுத்தியிருப்பதும், தாடைப் பட்டையின் கீழ்த் தோல் சற்றே மடிந்திருப்பதும் புதிய கன்னத்திலும் வர வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது தொப்பியின் நிழலில்தான். நிழலைத் தருவது தொப்பி என்றாலும் அது விழுவது மூக்கின் மேலும் கன்னத்தின் மேலும். தோலை முழுவதுமாக மாற்றினால் நிழலும் போய்விடும். நிழல் விழும் அந்தப் பட்டையை மட்டும், பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் Denoising strength அளவை 0.4 அளவில் குறைத்து வைத்து மெல்லத் திருத்தினால் நிழலின் ஓரம் பெரும்பாலும் நிலைக்கும். படத்தை 200 விழுக்காடு பெரிதாக்கி, மூக்கில் நிழல் முடியும் கோடு இரு கன்னங்களிலும் இயல்பாகத் தொடர்கிறதா என்று பாருங்கள்.

inswapper_128 மாடல் கோப்பு வணிகம் அல்லாத ஆய்வுக்கென்று வெளியிடப்பட்டது. எனவே எதைக் கொண்டு செய்தார்கள் என்றும், மூலப் படத்துக்கு உரிமை வாங்கினார்களா என்றும் கேளுங்கள். தொப்பியும் கண்ணாடியும் தனி லேயர்களாக உள்ள பி.எஸ்.டி. கோப்பைத் திறந்து பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.