ஜூனியர் இன்டர்வியூவில் ஒரு செக் நோட்டீஸ்

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் சிவில், செக் கேஸ் பார்க்கிறேன். ஆபீஸுக்கு ஜூனியர் எடுக்கும்போது என்ன பார்ப்பேன் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

சார், ஒரு வருஷமாக வாய்தா மட்டும்தான் வாங்கியிருக்கிறேன். எத்தனை கேஸ் பார்த்தாய் என்று கேட்டால் என்ன சொல்ல? (குடியாத்தம்)

அதையே சொல்லுங்கள் தம்பி. இருநூறு கேஸ் பார்த்ததாகச் சொன்ன ஒருவரிடம், போன வாரம் வாய்தா வாங்கிய கேஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்டேன். விழித்தார். ஒரே ஒரு வழித்தடத் தகராறு போதும். கமிஷனர் வந்து பார்த்தாரா, அவருடைய ரிப்போர்ட்டுக்கு ஆட்சேபணை போட்டீர்களா, வாய்தா எதற்காகத் தள்ளிப்போனது என்று சொல்ல முடிந்தால் கட்டைப் புரட்டியவர் என்று தெரிந்துவிடும். ஆனால் கட்சிக்காரர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். அங்கே சொல்கிறவர் நாளைக்கு என் கட்சிக்காரரைப் பற்றியும் வெளியே சொல்வார்.

டிராஃப்டிங் சாம்பிளுக்குப் பழைய ஆபீஸில் அடித்த பிளைன்ட்டைக் கொண்டுபோகலாமா மேடம்?

பெயர், சர்வே நம்பர் எல்லாம் அழித்துவிட்டுக் கொண்டுவரலாம். ஆனால் அதில் பாதி சீனியர் எழுதியதாக இருக்கும், மீதி முந்தைய கேஸிலிருந்து வந்ததாக இருக்கும். அதனால் நானே ஒரு தாளில் சங்கதியை எழுதிக் கொடுத்து முக்கால் மணி நேரம் விடுவேன்.

போன முறை கொடுத்தது இது. வாணியம்பாடிக்காரர் ஒருவர் 3 லட்சத்துக்குச் செக் கொடுத்தார். காட்பாடிக்காரர் அதைக் காட்பாடியில் இருக்கும் தன் கணக்கில் போட்டார். பணமில்லை என்று திரும்பிய தகவல் மார்ச் 5-ல் அவர் கைக்கு வந்தது. கைமாற்றாகக் கொடுத்த இன்னொரு 80,000 ரூபாயும் பாக்கி. நோட்டீஸ் எழுதுங்கள்.

வந்த நான்கு பேரில் மூன்று பேர் "3,80,000 ரூபாயை உடனே செலுத்த வேண்டும்" என்று ஒரே தொகையாக எழுதினார்கள். செக் தொகையைத் தனியாகக் காட்டி அதைக் கேட்காத நோட்டீஸை வைத்துக் கேஸ் நிற்காது. வட்டி, செலவு எல்லாம் தனித்தனியாகக் காட்டிக் கேட்டால் பரவாயில்லை. நான்காவது பெண் செக் தொகைக்கு மட்டும் எழுதிவிட்டு, "80,000-க்கு என்ன ஆதாரம் இருக்கிறது, தனியாகப் பார்க்கலாமா?" என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் தப்பு இருந்தது. அவரைத்தான் எடுத்தேன்.

மேடம், இதில் என்ன இருக்கு? 15 நாளில் நோட்டீஸ், 30 நாளில் கேஸ், செக் எந்த பேங்க்கோ அந்த ஊர் கோர்ட். சரிதானே? (ஆற்காடு)

எண்கள் சரி, இடம் மாறிவிட்டது. செக் திரும்பிய தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். அது செக் கொடுத்தவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் பணம் கட்ட அவகாசம். என் தாளில் நோட்டீஸ் மார்ச் 23-ல் அவர் கைக்குப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 7 வரை அவருக்கு நேரம். 8-ம் தேதி வழக்குக்கான காரணம் பிறக்கிறது, மே 8-க்குள் புகார் போட வேண்டும். ஏப்ரல் 5-ல் அவசரப்பட்டுப் போட்டால் அதுவும் செல்லாது. கோர்ட் விஷயம் 2015 திருத்தத்துக்கு முந்தையது. கணக்கில் போட்டு வசூலிக்க அனுப்பிய செக் என்றால், பணம் வர வேண்டியவருடைய கிளை எங்கே என்று பார்க்க வேண்டும். வாணியம்பாடிக்கு ஓட வேண்டாம்.

அம்மா, எனக்கு வந்த செக்கும் திரும்பி 40 நாள் ஆகிறது. நோட்டீஸ் விடலை. ஒன்றும் பண்ண முடியாதா?

நான் இன்டர்வியூவைப் பற்றிப் பேசுகிறேன் ஐயா. இருந்தாலும், செக் தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டவில்லை என்றால் மறுபடி பேங்க்கில் போடுங்கள். மறுபடி திரும்பினால் 30 நாள் புதிதாக ஓடும். தோல் கம்பெனி ஒன்றின் வழக்கில், எம்.எஸ்.ஆர். லெதர்ஸ், 2012-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது. உடனே ஒரு வக்கீலிடம் காகிதத்தைக் காட்டுங்கள்.

ஜட்ஜ் கோபப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டாங்க. பொறுமையாக இருப்பேன் என்றேன். கூப்பிடவே இல்லை.

எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நான் கேட்பதில்லை, நோட்டீஸை வாசிக்கச் சொல்லிவிட்டு நடுவில் குறுக்கிடுவேன். "சாட்சி ஏன் வரலை? மூன்றாவது வாய்தா இது." என் குரலுக்கு மேல் பேசிக்கொண்டே போகிறவரும் வேண்டாம், "சீனியரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று நழுவுகிறவரும் வேண்டாம். நிறுத்தி, காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி, அடுத்த தேதியைத் தானே கேட்கிறவர் போதும். ஆரம்பத்தில் நானே "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்" என்று மட்டும் சொல்லி நின்றேன், எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. அதை செட் அசைடு பண்ண அலைந்த அலைச்சல் இன்னும் மறக்கவில்லை.

இது நியாயமான சோதனையா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அறையில் திணறிய ஒரு பையன் கோர்ட்டில் நன்றாகவே பேசினான்.

சம்பளத்தை நானே கேட்கலாமா?

கேளுங்கள். சென்னை, மதுரை, கோவை தவிர்த்த ஊர்களில் மாதம் 15,000 என்று 2024-ல் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. நம் ஊரில் எத்தனை ஆபீஸ் கொடுக்கிறது என்பது வேறு கதை. நான் கொடுக்கிறேன், ஆனால் மூன்றாவது மாதத்திலிருந்துதான். அது தப்பு என்று என் குமாஸ்தாவே சொல்கிறார்.